கெண்டியின் நிழலில் பூச்சாடி நிற்குமா?

ஒரு புகைப்படத்தில் மேசைமேல் இருந்த தேநீர்க் கெண்டியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பூச்சாடியை வைக்க வேண்டியிருந்தது. கெண்டியின் நிழலை அப்படியே விட்டு அதன்மேல் சாடியைப் பொருத்தலாம்; அல்லது நிழலோடு சேர்த்துத் துடைத்துவிட்டுப் புது நிழல் வரையலாம். முதல் வழியில் ஒரு மாலையைத் தொலைத்தவன் என்பதால் நான் இரண்டாவதன் பக்கம்.

அளவு இரண்டுக்கும் பொது. உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட, மேசையைத் தொடும் அடிப்பாகத்தின் அகலத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. கெண்டியின் அடி 10 செ.மீ.; படத்தில் அது 400 பிக்சல். எனவே 7 செ.மீ. அடியுள்ள சாடிக்கு 280 பிக்சல். சாடியின் அடி விளிம்பு, பக்கத்திலிருக்கும் கோப்பையின் அடியைப் போலவே வளைந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேமராவின் கோணம் வேறு. சாடியை மறுபடி படமெடுப்பதே வழி.

பழைய நிழலை வைத்துக்கொள்வதில் ஒரு லாபம்: வெளிச்சத்தின் திசையும் மேசையின் இழையோட்டமும் கெடாது. ஒரு கெண்டிக்குப் பதில் அதே வடிவில் இன்னொரு கெண்டி என்றால் நானும் அதைத்தான் செய்வேன். சாடிக்கு அது உதவவில்லை. மூக்கின் நிழல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அதைவிட மோசம், 400 பிக்சல் அடியின் கீழ் இருந்த கருங்கோடு 280 பிக்சல் சாடிக்கு இருபுறமும் 60 பிக்சல் வெளியே தெரிந்தது. அதைத் துடைக்கத் தொடங்கினால், கடைசியில் முழு நிழலையும் துடைத்தாக வேண்டும்.

புது நிழலை நான் இரண்டு லேயராக வரைகிறேன்; இரண்டும், அடியிலுள்ள படத்தைக் கருமையாக்கும் Multiply முறையில். முதலாவது, சாடி மேசையைத் தொடும் விளிம்பை ஒட்டிய மெல்லிய கருங்கோடு: இரண்டு மூன்று பிக்சல் மங்கல், ஏறக்குறைய 80 சதவீத அடர்த்தி. பொருளை மேசைமேல் உட்கார வைப்பது இந்தக் கோடுதான். இது இல்லாவிட்டால் சாடி மிதக்கும். தடித்துவிட்டாலோ மை கசிந்ததுபோல் இருக்கும். இரண்டாவது, விழும் நிழல். அடியில் கூர்மையாகத் தொடங்கி, தள்ளிப்போகப் போக மங்கி வெளிற வேண்டும். திசையையும் நீளத்தையும் கோப்பையின் நிழலிலிருந்து எடுத்தேன்: கோப்பையைப் போல இரண்டு மடங்கு உயரமான சாடிக்கு இரண்டு மடங்கு நீள நிழல். நிறத்தையும் அங்கிருந்தே தொட்டு எடுத்தேன்; சுத்தக் கறுப்பு ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் படத்தை இடவலமாகப் புரட்டி, சிறிதாக்கிப் பாருங்கள். மிதப்பு உடனே தெரியும்.

பிறகு சாடியை ஒரு விரற்கடை நகர்த்தச் சொன்னார்கள். மூன்று லேயரையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன், முடிந்தது. பழைய நிழலோடு இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கண்ணாடிச் சாடி, பளபளக்கும் மேசை ஆகியவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே நிழலுக்குள் ஒளியும் விழும், பிரதிபலிப்பும் சேரும். இந்த இரண்டு லேயர் போதாது.