எம்ஏசிடி ஹிஸ்டோகிராமா, சாதா மூவிங் ஆவரேஜா: வேகம் மாறுவதை எது முதலில் காட்டும்?

இரண்டும் ஒரே க்ளோசிங் விலையிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் இரண்டும் பதில் சொல்லும் கேள்வி வேறு. மூவிங் ஆவரேஜ் "விலை தன் சராசரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா" என்று சொல்லும். ஹிஸ்டோகிராம் சொல்வது "ஏறும் வேகம் கூடுகிறதா, குறைகிறதா" என்பதை. இந்த வித்தியாசம் மனதில் நிற்காமல் போவதால்தான், ஹிஸ்டோகிராமின் பார்கள் சிறுத்ததும் "விலை விழப்போகிறது" என்று பலர் அவசரப்பட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

எம்ஏசிடியை உருவாக்கியவர் ஜெரால்ட் அப்பெல், 1970களில். அதற்கு ஹிஸ்டோகிராமைச் சேர்த்தவர் தாமஸ் ஆஸ்ப்ரே, 1986-ல். கணக்கு இவ்வளவுதான், இதில் EMA, அதாவது இஎம்ஏ, என்பது அண்மைய விலைக்கு அதிக எடை தரும் மூவிங் ஆவரேஜ்:

```
MACD   = EMA(close, 12) - EMA(close, 26)
Signal = EMA(MACD, 9)
Hist   = MACD - Signal
```

விலை தினமும் ஒரே அளவில் ஏறிக்கொண்டே இருந்தால், 12 நாள் இஎம்ஏ விலைக்கு 5.5 நாள் பின்தங்கி வரும். 26 நாள் இஎம்ஏ 12.5 நாள் பின்தங்கும். இரண்டுக்கும் இடைவெளி 7 நாள். அதாவது நாளுக்கு 1 புள்ளி ஏறும் விலையில் எம்ஏசிடி மெல்ல மெல்ல 7-ஐ நெருங்கி அங்கேயே நிற்கும். ஆக எம்ஏசிடி கோடு என்பது வேகத்தின் அளவு. வேகம் மாறாமல் இருந்தால் சிக்னல் கோடும் அதே 7-க்கு வந்து சேர்ந்துவிடும், ஹிஸ்டோகிராம் பூஜ்யத்தை நோக்கிப் போகும். ஹிஸ்டோகிராமில் தெரிவது வேகமல்ல, வேகத்தில் ஏற்படும் மாற்றம்.

இதை எண்களோடு பார்த்தால் பளிச்சென்று புரியும். ஒரு விலை வெகுநாளாக 100-லேயே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளிலிருந்து தினமும் சரியாக 1 புள்ளி ஏறி, 30-ம் நாளில் 130-ஐத் தொடுகிறது. அதன்பின் நான்கு நாள் 130-லேயே நிற்கிறது. 35-ம் நாள் முதல் தினமும் 1 புள்ளி இறங்குகிறது. ஒப்பிட 20 நாள் சாதா சராசரியை எடுத்துக்கொள்கிறோம்.

| நாள் | விலை | 20 நாள் சராசரி | ஹிஸ்டோகிராம் |
|---|---|---|---|
| 14 | 114 | 105.25 | 0.97 |
| 30 | 130 | 120.50 | 0.50 |
| 31 | 130 | 121.45 | 0.40 |
| 34 | 130 | 124.00 | -0.02 |
| 38 | 126 | 126.20 | -0.91 |

முதல் இரண்டு வரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஹிஸ்டோகிராம் 14-ம் நாளில் உச்சத்தைத் தொட்டு, 15-ம் நாளிலிருந்தே சிறுக்கத் தொடங்குகிறது. விலையோ அதற்குப் பிறகும் 16 புள்ளி ஏறுகிறது, ஒரு நாள்கூடத் தடுமாறாமல். 30-ம் நாளில் பார் பாதியாகிவிட்டது, ஆனால் அந்த 30 நாளில் விலையின் வேகம் இம்மியும் மாறவில்லை. சும்மா கிடந்த விலை திடீரென்று ஓடத் தொடங்கியதால் ஆரம்பத்தில் பார் வளர்ந்தது. ஓட்டம் சீரானதும் வளர்வதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னச் சமன்பாடு இருக்கிறது. 9 நாள் இஎம்ஏ-வில் இன்றைய மதிப்புக்கு 0.2 எடை. அதை மேலே உள்ள கணக்கில் போட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

```
இன்றைய Hist = 0.8 × (நேற்றைய Hist + இன்று MACD மாறிய அளவு)
```

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. இன்றைய பார் நேற்றையதைவிட உயரமாக வேண்டுமானால், எம்ஏசிடி இன்று குறைந்தது நேற்றைய பாரின் கால் பங்கைவிட அதிகமாக ஏறியிருக்க வேண்டும். நேற்று பார் 0.97 என்றால், இன்று எம்ஏசிடி சுமார் 0.24-க்கு மேல் ஏறினால்தான் பார் வளரும். 0.23 ஏறினால் பார் சிறுக்கும், எம்ஏசிடி கோடு தெளிவாக மேலே போய்க்கொண்டிருந்தாலும். பெரிய பாருக்குப் பிறகு சின்ன பார் வருவது இயல்பு, அதுவே எச்சரிக்கை ஆகாது.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? பார் சிறுக்கும்போது எம்ஏசிடி கோட்டையும் கூடவே பாருங்கள். 15-ம் நாளிலிருந்து 30-ம் நாள்வரை பார்கள் சிறுத்தன, கோடு மட்டும் தினமும் ஏறியது. 31-ம் நாள் கோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, மாற்றம் 0.007 மட்டுமே. 32-ம் நாள் 0.06 இறங்கியது. வேகம் உண்மையாகவே குறைந்ததற்கு முதல் சாட்சி இதுதான்: பார் சிறுக்க வேண்டும், கோடும் திரும்ப வேண்டும். மாற்றம் நடந்து இரண்டாவது நாளில் கிடைக்கும் தகவல் இது. வெறும் பாரைப் பார்த்திருந்தால் 15-ம் நாளிலேயே பொய்யாகப் பயந்திருப்போம். பார் பூஜ்யத்துக்குக் கீழே போவதற்காகக் காத்திருந்தால் 34-ம் நாள் ஆகும். அப்போதும் விலை 130-தான்.

இப்போது சராசரியின் பக்கம். 30-ம் நாளில் விலைக்கும் சராசரிக்கும் இடையே 9.5 புள்ளி இடைவெளி. அந்த இடைவெளி மூடும்வரை சராசரி எந்தச் சத்தமும் எழுப்பாது. விலை அதன் கீழே க்ளோஸ் ஆவது 38-ம் நாள், 126-ல். சராசரிக் கோடே திரும்பிக் கீழ்நோக்கி வர 43-ம் நாள் ஆகிறது, அப்போது விலை 121. இந்தக் கதையில் ஹிஸ்டோகிராமின் பூஜ்ய வெட்டு, சராசரியை விலை வெட்டுவதற்கு நான்கு நாள் முந்தி, நான்கு புள்ளி மிச்சப்படுத்தியது.

இங்கேயே நிறுத்தினால் ஹிஸ்டோகிராம்தான் சிறந்தது என்று தோன்றும். அதே கதையை 35-ம் நாளில் மாற்றிப் போடுவோம். நான்கு நாள் இளைப்பாறிய விலை, இறங்காமல் மறுபடியும் தினமும் 1 புள்ளி ஏறுகிறது. 34-ம் நாள்வரை எல்லா எண்களும் அச்சு அசல் அதேதான். ஹிஸ்டோகிராம் -0.02 என்று சொன்னதும் 130-ல் வெளியே வந்தவருக்கு, அது மீண்டும் பூஜ்யத்துக்கு மேலே வருவது 41-ம் நாள், விலை 137. 7 புள்ளி கைவிட்டுப் போயிற்று. சராசரியைப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு எதுவுமே நடக்கவில்லை. 35-ம் நாள் விலை 131, சராசரி 124.8, பக்கத்தில்கூட வரவில்லை.

முதல் கதையில் 4 புள்ளி லாபம், இரண்டாவதில் 7 புள்ளி இழப்பு. 34-ம் நாள் மாலையில் இரண்டு கதைகளையும் பிரித்துச் சொல்ல எந்தக் கோட்டாலும் முடியாது. ஹிஸ்டோகிராம் சொன்னது பொய் இல்லை. வேகம் குறைந்தது உண்மை. வேகம் குறைந்ததைத் திசை மாறியதாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

இந்தப் பிழை நீண்ட ட்ரெண்டில் இன்னும் மோசமாகும். அதே சீரான ஏற்றம் 60 நாள் நீடித்தால் பார் 0.06 அளவுக்குத் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் விலை ஒரே ஒரு நாள் நகராமல் நின்றாலே போதும், ஹிஸ்டோகிராம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ட்ரெண்ட் எவ்வளவு சீராக, எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, அவ்வளவு மலிவானது அந்த வெட்டு. ஆகவே வெட்டு நடந்ததா என்பதைவிட, வெட்டுவதற்கு முன் பார்கள் எவ்வளவு உயரத்திலிருந்து வந்தன, வெட்டிய பிறகு எவ்வளவு விரைவாகக் கீழே வளர்கின்றன என்பதே அதிகம் பேசும். இறங்கிய கதையில் 35-ம் நாள் முதல் பார்கள் -0.22, -0.46, -0.69, -0.91 என்று நீண்டன. ஏறிய கதையில் -0.10, -0.13 என்று போய், 37-ம் நாளே -0.12 என்று திரும்பத் தொடங்கின. வெட்டியபின் இரண்டு நாள் பொறுத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதற்கு விலையாக இறங்கும் கதையில் 2 புள்ளி கொடுக்க வேண்டும். நியாயமான விலைதான் என்பது என் கணிப்பு.

சாதா சராசரிக்கும் ஒரு குறை உண்டு. 20 நாளுக்கு முந்தைய விலை வெளியேறுவதாலும் கோடு நகரும். இன்று சந்தையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும், 20 நாளுக்கு முன் விலை ஒரே ஒரு நாள் பெரிதாகச் சரிந்து மீண்டிருந்தால், அந்த நாள் கழியும்போது கோடு மேலே எழும்பும். இஎம்ஏ-வில் பழைய விலை படிப்படியாக மங்குவதால் இந்தத் திடீர்த் துள்ளல் கிடையாது.

சைட்வேஸ் சந்தையில் இரண்டுமே உதவாது. விலை சராசரியை மேலும் கீழும் வெட்டிக்கொண்டே இருக்கும், ஹிஸ்டோகிராம் பூஜ்யத்தைச் சுற்றிக் குட்டிப் பார்களாகத் துடிக்கும்.

திரையில் பார்க்கும்போது சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெட்டாட்ரேடரில் கூடவே வரும் எம்ஏசிடியில் பார்களாக வரையப்படுவது எம்ஏசிடி கோடுதான், மேலே சொன்ன வித்தியாசம் அல்ல. சிக்னலும் அங்கே சாதா சராசரி. அதை ஹிஸ்டோகிராம் என்று நினைத்துப் படித்தால் மேலே உள்ள எதுவும் பொருந்தாது. பார்கள் சிக்னல் கோட்டோடு சேர்ந்து அதே அளவுகோலில் ஏறி இறங்கினால் நீங்கள் பார்ப்பது எம்ஏசிடியை.

டேட்டாவும் போதுமான நீளம் வேண்டும். 26 நாள் இஎம்ஏ-வை வெறும் 26 கேண்டிலோடு கணக்கிட்டால், தொடக்க மதிப்பின் எடை இன்னும் 13.5% மிச்சமிருக்கும். 100 கேண்டில் ஆனபின் அது 0.05% ஆகிவிடும். ஒரே பங்குக்கு இரண்டு தளங்கள் வேறு வேறு பார் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

நடந்துகொண்டிருக்கும் கேண்டிலின் பார் க்ளோஸ் ஆகும்வரை நிலையில்லாதது. மதியம் சிறுத்திருந்த பார் மாலையில் வளர்ந்திருக்கலாம். 100 புள்ளி விலையில் 0.97 என்பது 1000 புள்ளி விலையில் ஒன்றுமேயில்லை என்பதால், இரண்டு பங்குகளின் பார் உயரத்தை நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால், எம்ஏசிடியை 26 நாள் இஎம்ஏ-வால் வகுத்துச் சதவீதமாக்கிய பிபிஓ-வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் சராசரியை வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அது ட்ரெண்டில் உட்கார வைக்கிறது. இரண்டும் இருக்கும்போது வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது: உள்ளே இருப்பதா வெளியே வருவதா என்பதைச் சராசரி சொல்லட்டும், பார் சிறுத்து எம்ஏசிடி கோடும் திரும்பிய நாளில், வெளியே ஓடாமல் ஸ்டாப்லாஸை விலைக்கு அருகே இழுத்து வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் அது 32-ம் நாள். ஸ்டாப்லாஸை 128-ல் வைத்திருந்தால் இறங்கும் கதையில் 36-ம் நாள் வெளியே வந்திருப்போம், சராசரியைவிட 2 புள்ளி மேலே. ஏறும் கதையில் அது தொடப்பட்டிருக்கவே மாட்டாது.