புது சிஎன்சியா, பழைய சிஎன்சியா: மணி ரேட் போட்டுப் பார்த்த கதை

ஓசூரில் என் மைத்துனன் ஒரு சின்ன பட்டறை வைத்திருக்கிறான். பெரிய கம்பெனிகளுக்கு பாகம் செய்துகொடுப்பவர்களிடமிருந்து புஷ், ஸ்பேசர் மாதிரி ஜாப் ஒர்க் வாங்கிச் செய்கிறான். போன வருடம் இன்னொரு சிஎன்சி லேத் வேண்டும் என்றான். கையில் இரண்டு வழி இருந்தது. புதிது வாங்கினால், வண்டி வாடகை, இறக்கிப் பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்து 18.5 லட்சம். பெங்களூரில் எட்டு வருடம் ஓடிய ஒன்று 7 லட்சத்துக்கு வந்தது. கொண்டுவந்து நிறுத்த 40,000, தேய்ந்த ஸ்பிண்டில் பேரிங்கையும் பால் ஸ்க்ரூவையும் மாற்ற 60,000 ஆக, அது 8 லட்சம். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வதால் இரண்டிலும் சேர்க்கவில்லை.

"மாமா, பழசுக்கு போட்ட முதல் கம்மி, அப்போ மணி ரேட்டும் கம்மி தானே?" என்று கேட்டான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, தேய்மானத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

முதலில் மணிக்கணக்கு, வருடச் செலவை இதால் வகுத்தால் வருவதுதான் மணி ரேட். ஒரே ஷிப்ட், 300 நாள், தினம் 8 மணி என்றால் 2,400. இதை அப்படியே வைத்து வகுக்கக் கூடாது. ஒவ்வொரு ஜாப் மாறும்போதும் செட்டிங்குக்கு நேரம் போகிறது. அதற்கு 250 மணி கழித்தோம். அந்த நேரத்தின் செலவையும் பாகம் ஓடும் மணிகளின் ரேட்டுக்குள்தான் ஏற்ற வேண்டும். ரிப்பேருக்காக நிற்பது புதிதில் 150 மணி, பழையதில் 550 மணி என்று வைத்தோம். இந்த 550 என் கற்பனை இல்லை. இதே வயதில் அவனிடம் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு மெஷினின் ஒரு வருட டைரியில் நின்ற நாட்களை எண்ணி எடுத்தது. ஆக, புதிது 2,000 மணி, பழையது 1,600 மணி.

தேய்மானத்துக்கு, வாங்கிய விலையில் கடைசியில் கிடைக்கும் ஸ்கிராப் விலையைக் கழித்து, ஆயுளால் வகுத்தோம். புதிது 10 வருடம், கடைசியில் 3.5 லட்சம் வரும் என்றால் வருடத்துக்கு 1,50,000. பழையது இன்னும் 5 வருடம் ஓடும், 2 லட்சம் வரும் என்றால் வருடத்துக்கு 1,20,000. மணிக்கு வகுத்தால் இரண்டுமே 75 ரூபாய்!

இங்கே ஒரு தப்பு நிறைய பேர் செய்கிறார்கள். ஆடிட்டர் போட்ட வருமான வரிக் கணக்கிலிருந்து தேய்மானத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அது 15 சதவீதம், குறைந்துவரும் மதிப்பின் மேல் போடுவது. புது மெஷினுக்கு முதல் வருடம் 2.77 லட்சம் வரும், அடுத்தடுத்த வருடம் இறங்கிக்கொண்டே போகும். அதே புஷ், அதே மெஷின், அதே ஆள். ரேட் மட்டும் வருடா வருடம் மாறும். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? வரிக்கு அந்தக் கணக்கு சரி, ரேட் போட சமமாகப் பிரிப்பதே வசதி.

கரண்டுக்கு பெயர்ப்பலகையில் இருக்கும் கிலோவாட்டை நம்பாதீர்கள். அது மெஷின் அதிகபட்சமாக எவ்வளவு இழுக்கும் என்று சொல்கிறது, சராசரியாக எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லாது. இந்த அளவு மெஷினில் 12 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், லேசான வேலையில் மணிக்கு 5 யூனிட்டுக்கு மேல் போகாது. அவனிடம் இருக்கும் மெஷினுக்குத் தனி சப் மீட்டர் வைத்து, காலையும் மாலையும் எழுதி, ஓடிய மணியால் வகுத்துப் பார்த்தோம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் புதிதுக்கு 40 ரூபாய். பழையது கொஞ்சம் கூடுதலாக 5.5 யூனிட் இழுக்கும் என்று வைத்து 44.

ரிப்பேர் புதிதுக்கு வருடம் 50,000, பழையதுக்கு 1,20,000 என்று எடுத்தோம். தீ விபத்து இன்சூரன்ஸ் 9,000, 4,800. மெஷின் பழுதுக்கும் சேர்த்து பாலிசி எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் காப்பீட்டுத் தொகை என்பது நீங்கள் கொடுத்த 7 லட்சம் இல்லை, அதே மாதிரி புது மெஷின் இன்று என்ன விலையோ அது. குறைத்துப் போட்டால் நஷ்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். பாகம் தேய்ந்துபோவதால் வரும் பழுதுக்கு அந்தப் பாலிசியும் கைகொடுக்காது.

| மணிக்கு, ரூபாய் | புதிது (2,000 மணி) | பழையது (1,600 மணி) |
|---|---|---|
| தேய்மானம் | 75.00 | 75.00 |
| கரண்ட் | 40.00 | 44.00 |
| ரிப்பேர் | 25.00 | 75.00 |
| இன்சூரன்ஸ் | 4.50 | 3.00 |
| மொத்தம் | 144.50 | 197.00 |

ஆள் கூலி, இன்செர்ட், கூலன்ட் இதில் இல்லை. அதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

இதைப் பார்த்து அவன் புதிதுதான் என்று முடிவே கட்டிவிட்டான். நான் நிறுத்தச் சொன்னேன். இந்த நான்கு தலைப்பில் வட்டி இல்லை. பாடப்புத்தகத்தில் வட்டியை மெஷின் ரேட்டில் சேர்க்காமல் தனியாக வைப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் இது வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி, அப்போது வட்டியை மறந்தால் கணக்கே ஏமாற்றும். சராசரியாக மாட்டிக்கொண்டிருக்கும் முதல், ஆரம்ப விலைக்கும் ஸ்கிராப்புக்கும் நடுவில்: புதிதுக்கு 11 லட்சம், பழையதுக்கு 5 லட்சம். 11 சதவீதம் போட்டால் வருடத்துக்கு 1,21,000 எதிர் 55,000.

அதைச் சேர்த்தால் புதிது 205 ரூபாய், பழையது சுமார் 231. இப்போதும் புதிதுதான் மலிவு, ஆனால் இடைவெளி 52-லிருந்து 26 ஆகிவிட்டது. அதுவும் புதிது 2,000 மணி முழுதாக ஓடினால்தான்.

ஓடாவிட்டால்? தேய்மானம், இன்சூரன்ஸ், வட்டி மூன்றும் மெஷின் நின்றாலும் நிற்காது. புதிதுக்கு அது வருடம் 2,80,000, பழையதுக்கு 1,79,800. கரண்டும் ரிப்பேரும் ஓடுகிற மணியோடு போகும் என்று வைத்தால் புதிதுக்கு மணிக்கு 65, பழையதுக்கு 119. பழையது முழு மூச்சாக 1,600 மணி ஓடும் ரேட்டை எட்டிப்பிடிக்கவே, புதிது வருடத்துக்கு சுமார் 1,680 மணி ஓட வேண்டும். ரிப்பேர் இப்படி நேர்கோட்டில் போகாது என்பதும் உண்மைதான். பால் ஸ்க்ரூ ஒரே நாளில் போய் பில்லைத் தூக்கிவிடும், அதனால் அந்த 119-ஐ ஒரு வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது.

அவனிடம் ஆர்டர் தாள்களை எடுத்து வரச் சொன்னேன். கையில் இருந்தது வருடத்துக்கு 1,100 மணிக்கான வேலை. இன்னொரு 500 மணி, "பார்க்கலாம் சார், தரோம்" என்று வாயால் சொன்னது. அந்த 500-ஐ நான் கணக்கில் எடுக்கவில்லை. 1,100 மணிக்கு புதிது சுமார் 320 ரூபாய், பழையது 282. அதனால் பழையதை வாங்கினான். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஓடிய மணி, நின்ற மணி, சப் மீட்டர் யூனிட், ரிப்பேர் பில் நான்கையும் அன்றன்றைக்கு எழுதுகிறான். வாயால் சொன்ன 500 மணி நிஜமாகவே வந்து, கேட்கும் வேலை 1,600-ஐத் தாண்டினால், புதிதுக்கு அப்போது மறுபடி கணக்குப் போடுவதாக ஏற்பாடு.