பழைய மடிக்கணினியா, பழைய தேக்கு நாற்காலியா?

சென்னையில் பழைய பொருளை வாங்கிச் சீர்செய்து விற்க நினைப்பவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகளை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்குவது. மற்றொன்று, வீடு மாறுவோர் விற்கும் பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலிகளை வாங்குவது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மடிக்கணினியை 12,000 ரூபாய்க்கு வாங்கி, பேட்டரிக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 4,500 செலவிட்டு, 19,500க்கு விற்றால் 3,000 நிற்கும். நாற்காலிக்கு விலை 2,500, பின்னலுக்கு 1,500, பாலிஷுக்கு 1,200, வண்டிக்கு 300 என மொத்தம் 5,500 ஆகி, அதை 7,500க்கு விற்றால் 2,000 மிஞ்சும். போட்ட பணத்துக்கு நாற்காலியே அதிகம் தருகிறது. ஆனால் மடிக்கணினி ஒரு வாரத்தில் கைமாறும். நாற்காலிக்கு மூன்று வாரம் ஆகும். ஒரு மடிக்கணினியில் முடங்கும் 16,500 ரூபாயை மூன்று நாற்காலிகளில் போட்டால், மூன்று வாரத்தில் 6,000 கிடைக்கும். மடிக்கணினியிலேயே சுழற்றினால் 9,000 கிடைக்கும்.

இந்த 9,000 எல்லாம் சரியாக நடந்தால்தான். விற்க முடியாத ஒரே ஒரு கணினி நான்கு கணினிகளின் லாபத்தை விழுங்கிவிடும். நிறுவனத்தின் மேலாண்மைப் பதிவு நீக்கப்படாத கணினியில் விண்டோஸை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும், இணையத்தோடு இணைத்ததும் பழைய நிறுவனத்தின் உள்நுழைவுத் திரையே வந்து நிற்கும். விற்பவர் இணையம் இல்லாமல் ஏற்றிக் காட்டியிருந்தால் இது கண்ணில் படாது. ஆகவே கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பயாஸ் கடவுச்சொல் கேட்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பேட்டரியின் நிலையை அறிய, கமாண்ட் பிராம்ப்டில் இந்தக் கட்டளை போதும்:

```
powercfg /batteryreport
```

அறிக்கையில் FULL CHARGE CAPACITY என்பது DESIGN CAPACITY-யில் பாதியாக இருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை நான் தொடவே மாட்டேன். அவை விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அலமாரியில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கணினியின் விலை இறங்கிக்கொண்டே இருக்கும்.

நாற்காலிக்கு அந்த அவசரம் இல்லை. வைரம் பாய்ந்த தேக்கை வண்டு எளிதில் துளைக்காது; ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் துளைக்கும். நாற்காலியைத் தட்டி, கீழே கறுப்புத் துணி விரித்து இரண்டு நாள் விட்டால், புதிதாக மாவு உதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். உதிர்ந்தால் மருந்து வைக்காமல் மற்ற சாமான்களோடு சேர்க்கக் கூடாது. சென்னைக்கே உரிய தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும். ஈரக்காற்றில் பூசிய அரக்கு பாலிஷ் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும் என்பதால், வெயில் தெளிந்த நண்பகலில் மட்டுமே பூச முடியும். மழைக்காலத்தில் அந்த மூன்று வாரம் ஆறு வாரமாக நீள்வது இதனால்தான்.

கையில் 20,000 ரூபாயும் ஒரு சிறிய அறையும் மட்டுமே உள்ளவர் மடிக்கணினியில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. மொட்டை மாடியில் நிழலான இடமும், பிரம்பு பின்னத் தெரிந்த ஆளும் அமைந்தவருக்கு நாற்காலியே மேல்.