இன் செய்த சட்டை, வெளியே விட்ட சட்டை: இடுப்புக் கோடுகளைத் திருத்திய அனுபவம்

அலுவலகக் குழுப் படங்களில் எல்லோரும் சட்டையை இன் செய்திருக்க, ஒருவர் மட்டும் வெளியே விட்டு நிற்பார். அவரையும் மற்றவர்கள்போல் மாற்றித் தரச் சொல்வார்கள். பல ஆண்டுகளாக இந்த வேலைக்கு போட்டோஷாப்பில் பென் டூல், வார்ப், லேயர் மாஸ்க் மூன்றையும்தான் பயன்படுத்துகிறேன். இவற்றுக்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. படம் தேறுவதும் தேறாததும் பெல்ட் எங்கே உட்காருகிறது, எப்படி வளைகிறது என்பதைப் பொறுத்தது.

பெல்ட்டை நேர்கோடாக வரைந்தால் அது ஒட்டவைத்த நாடாபோல் தெரியும். இடுப்பு ஓர் உருளை. கேமரா மார்பு உயரத்தில் இருந்தால் இடுப்பை மேலிருந்து பார்க்கிறது. அதனால் பெல்ட்டின் நடுப்பகுதி சற்றுக் கீழிறங்கி, இரு ஓரங்களும் மேலேறும். கேமரா முழங்கால் உயரத்துக்கு இறங்கினால் வளைவு தலைகீழாகும். வெளியே விட்ட சட்டையின் கீழ் விளிம்புக்கும் இதே விதிதான். கேமரா மார்பு உயரத்தில் இருக்கும்போது அது பார்வை மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு பெல்ட்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். உயரத்தைக் கணிக்க நான் முழங்கையைப் பார்ப்பேன். கை தொங்கி நிற்கும் ஆணுக்குப் பேண்ட்டின் இடுப்புப் பட்டி பெரும்பாலும் முழங்கைக்குச் சில விரற்கடை கீழே வரும்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். இளநீலக் கட்டம் போட்ட சட்டை, கரும்சாம்பல் பேண்ட், வரிசையில் இடது ஓரம். சட்டைக்குக் கீழே மறைந்திருந்த இடுப்பு படத்தில் எங்குமே இல்லை. எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அதே வரிசையில், அதே வெளிச்சத்தில் நிற்பவரின் இடுப்பே சிறந்தது. குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் நடுவை நோக்கிச் சற்றுத் திரும்பியிருப்பார்கள். ஆகவே இடது ஓரத்தவருக்கு இடப்பக்கத்தவரின் இடுப்புதான் பொருந்தும். வலப்பக்கத்தில் நல்ல பெல்ட் இருக்கிறதே என்று எடுத்து, இடம் வலமாகத் திருப்பிப் போடக் கூடாது. ஆண்கள் வழக்கமாகக் கட்டும் முறையில் பெல்ட்டின் நுனி பக்கிளைத் தாண்டி அணிந்தவரின் இடப்பக்கம், அதாவது படத்தில் நமக்கு வலப்பக்கம் போகும். ஜிப்பின் வளைந்த தையலும் அதே பக்கம்தான். திருப்பிவிட்டால் இரண்டும் மாறிவிடும். தையல் தெரிந்தவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

பெல்ட்டை வைத்தபின் அதன் மேலே லூப்கள் வர வேண்டும். பட்டியின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ., அலுவலக பெல்ட்டின் அகலம் 3 முதல் 3.5 செ.மீ. என்பதால், பெல்ட்டுக்கு மேலும் கீழும் பேண்ட் துணி மெல்லிய கோடாகத் தெரியும். இந்தக் கோட்டை விட்டுவிட்டால் பெல்ட் தனியாக மிதக்கும். பக்கவாட்டுப் பையின் சாய்ந்த வாயும் பட்டியின் கீழ் விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். கடைசியாகச் சட்டையின் பட்டன் பட்டி ஓரம், பக்கிள், ஜிப் கோடு மூன்றும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பார்ப்பேன்.

சட்டையை பெல்ட்டோடு வெட்டி நிறுத்திவிட முடியாது. இன் செய்த துணி பட்டியிலிருந்து மேல்நோக்கிச் சிறு மடிப்புகளாக விரியும். பக்கங்களில் கொஞ்சம் உப்பி பெல்ட்டின் மேல் சரியும். ஆகவே சட்டையின் கீழ்ப்பகுதியை வார்ப்பில் உள்நோக்கி இழுத்து, அந்தச் சரிவுக்குக் கீழே மல்டிபிளை லேயரில் மெல்லிய நிழல் போடுவேன். கட்டம் போட்ட துணியில் இழுப்பு அதிகமானால் கட்டங்கள் ரப்பர்போல் நீளும். அங்கே வார்ப்பைக் குறைத்து, நிஜ மடிப்பு ஒன்றைப் பக்கத்துச் சட்டையிலிருந்து எடுத்து வைப்பதே நல்லது.

எதிர்த்திசை வேலை, அதாவது இன் செய்ததை வெளியே விட்டதாக்குவது, எளிது. பெல்ட்டும் ஜிப்பும் மறைந்துவிடும். ஆனால் கீழ் விளிம்பின் வடிவம் சட்டையைப் பொறுத்தது. அலுவலகச் சட்டைக்கு நடுவில் தாழ்ந்து பக்கத் தையலில் மேலேறும் வளைந்த விளிம்பு. அதில் மடிப்புத் தையல் விளிம்பை ஒட்டியே ஓடும். நேர் விளிம்புச் சட்டைக்கு மடிப்பு 2 செ.மீ. வரை அகலமாக இருக்கும், பக்கத்தில் சிறு பிளவும் உண்டு. வளைந்த விளிம்பு பக்கத்தில் ஏறும் இடத்தில் பின்பக்கத் துணி சற்று எட்டிப் பார்க்கும். அதை வரையாதவர்கள்தான் அதிகம். கடைசிப் பட்டனுக்குக் கீழே இரு முன்பாகங்களும் லேசாகப் பிரிய வேண்டும். விளிம்பின் நிழல் தொடையில் மங்கலாக விழ வேண்டும், பெல்ட்டின் நிழல்போல் கூர்மையாக அல்ல.

வாடிக்கையாளரிடம் நான் முதலில் கேட்பது, அதே நாளில் எடுத்த வேறு படங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான். பக்கத்தில் இன் செய்தவர் யாருமில்லை, ஆளின் கையும் சட்டை விளிம்பைத் தூக்கியபடி பேண்ட் பைக்குள் இருக்கிறது என்றால் அந்த வேலையை நான் ஏற்பதில்லை. மணிக்கட்டையும் பையின் வாயையும் புதிதாக வரைவதைவிட, அவரை மட்டும் அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி மறுபடி எடுப்பது சீக்கிரம் முடியும்.