மதுரை சுற்றுச்சாலைக் கிடங்குக்குச் சரக்கு அனுப்புகிறவர்களே, கேட் பதிவு நேரத்தைப் பாருங்கள்

விருதுநகரிலிருந்து மதுரைப் பக்கம் உள்ள ஒரு பெரிய விநியோகக் கிடங்குக்கு நல்லெண்ணெய் அனுப்புகிறோம். அந்தக் கிடங்கில் சரக்கு இறக்க முன்கூட்டியே டாக் நேரம், அதாவது லாரியை இறக்கு மேடையில் விடும் நேரம், வாங்க வேண்டும். அப்படி நேரம் வாங்கி, நேரத்துக்கு முன்பே போய் நின்ற லாரியைத் ‘தாமதம்’ என்று பதிந்து எங்கள் பில்லிலிருந்து பணம் பிடித்துவிட்டார்கள். அதே கிடங்குக்கு அனுப்பும் சிறு ஆலைக்காரர்கள், ஊறுகாய்க்காரர்கள், மசாலாக்காரர்கள் பலர் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் அனுப்பிய கோரிக்கை தெளிவானது. 1 லிட்டர் பாட்டில் 12 கொண்ட பெட்டிகள் 320, அரை லிட்டர் பாட்டில் 20 கொண்ட பெட்டிகள் 100, மொத்தம் 420 பெட்டிகள். எடை ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. பேலட் என்ற அடித்தட்டில் அடுக்காத உதிரிப் பெட்டிகள். வண்டி 17 அடி மூடிய பாடி, பின்கதவு மட்டும் திறக்கும். இறக்க இரண்டரை மணி நேரம் வேண்டும். இவை அனைத்தையும் மின்னஞ்சலில் எழுதியிருந்தோம்.

இரண்டரை மணி நேரம் என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. பேலட்டில் அடுக்கிய சரக்கு என்றால் ஃபோர்க்லிஃப்ட் ஒரே தூக்கில் 60 பெட்டிகளை எடுத்துவிடும். இந்த லோடுக்கு ஏழு பேலட், அரை மணி நேரத்தில் வண்டி காலியாகிவிடும். உதிரிப் பெட்டியைக் கையால்தான் இறக்க வேண்டும். வண்டிக்குள் இருவர், கீழே அடுக்க இருவர் என்று நான்கு பேர் நின்றாலும் நிமிடத்துக்கு நான்கு பெட்டிக்கு மேல் போகாது. அதுவே ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும், இரண்டு வகைக்கும் தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் பார்க்க வேண்டும், மாதிரிக்குச் சில பெட்டிகளைத் திறக்க வேண்டும்.

வந்த உறுதிச் செய்தியில் ‘சரக்கு: 7 பேலட், நேரம்: 11 முதல் 12 வரை’ என்று இருந்தது. நாங்கள் எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடனே மறுப்பு எழுதினோம். எழுத்தில் பதில் வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் பேசினார்: “சார், சிஸ்டத்தில் அப்படித்தான் விழும். நீங்கள் வாருங்கள், இறக்கித் தருகிறோம்.” அந்த வாக்கை நம்பித்தான் வண்டி கிளம்பியது.

கப்பலூர் சுங்கச்சாவடியை வண்டி 10.05-க்குத் தாண்டியது. கிடங்கு வாசலுக்கு 10.40-க்கு வந்தது. காவலாளி வண்டி எண்ணைக் கேட்டு ஒரு டோக்கன் கொடுத்தார். டோக்கனில் எண் மட்டும் இருந்தது, நேரம் இல்லை. ஓட்டுநர் கேட்டதற்கு, “அண்ணே, டாக் காலியானதும் கூப்பிடுவார்கள், ஓரமாக நிறுத்துங்கள்” என்றார். கூப்பிட்டது 1.50-க்கு. அப்போதுதான் கேட் பதிவேட்டில் எழுதினார்கள். அவர்கள் கணினியில் எங்கள் வருகை நேரம் 1.50. வாசலில் காத்திருந்த மூன்று மணி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை.

உள்ளே போன பிறகு இரண்டாவது அடி. சொன்னது பேலட், வந்தது உதிரி, ஆகவே இந்த நேரத்தில் இறக்க முடியாது, நாளை மறுநாள் வேறு நேரம் வாங்கி வாருங்கள் என்றார்கள். இல்லையென்றால் ஒப்பந்தக்காரரின் ஆட்களை வைத்து இப்போதே இறக்கலாம், பெட்டிக்கு 7 ரூபாய், ரொக்கம். ரசீது கிடையாது.

இந்த இடத்தில்தான் சப்ளையரின் கழுத்து மாட்டுகிறது. நம் மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு அது ஒரு நாள்தான் செல்லும். எடுத்த தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவோடு முடிந்துவிடும். நாங்கள் முந்தைய நாள் மாலை லோடு ஏற்றியபோது எடுத்தது, வண்டி கிடங்கில் நின்ற அந்த நாள் இரவு 12 மணியோடு காலாவதி. முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் காரணம் சொல்லி நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் நாளை மறுநாள்வரை வண்டியை நிறுத்திவைத்தால் லாரிக்காரருக்குக் காத்திருப்புக் கட்டணமும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். 2,940 ரூபாய் கொடுத்தோம். 2.20-க்குத் தொடங்கி 4.50-க்கு இறக்கி முடித்தார்கள். நாங்கள் முதலில் கேட்டதும் அதே இரண்டரை மணி நேரம்தான்.

அதோடு முடிந்ததா? பில் தொகை வங்கியில் வரவானபோது குறைந்திருந்தது. விசாரித்தால் டெபிட் நோட் போட்டிருக்கிறார்கள்: தாமத வருகைக்கு 5,000 ரூபாய், அறிவித்த விவரமும் வந்த சரக்கும் பொருந்தாததற்கு 3,000 ரூபாய். முன்னறிவிப்பு எதுவும் இல்லை.

தாமதத் தொகையை வாதாடி மீட்டோம். அதற்குக் கைகொடுத்தது ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி. கப்பலூரில் 10.05 என்று வங்கி அனுப்பிய செய்தி லாரி உரிமையாளரின் தொலைபேசியில் இருந்தது. வாசல் பலகையும் வண்டி எண் தகடும் ஒன்றாகத் தெரியும்படி ஓட்டுநர் எடுத்த படத்தில் நேரமும் இருந்தது. கப்பலூரைத் தாண்டிய வண்டி சுற்றுச்சாலைக்கு வரப் பிற்பகல் ஆனது என்று யாரும் சாதிக்க முடியாது. 5,000 திரும்ப வந்தது. 3,000 வரவில்லை. ‘உறுதிச் செய்தியில் உள்ளதே இறுதியானது’ என்கிறார்கள். நாங்கள் எழுதிய மறுப்பைக் காட்டினால் அதை யாரும் ஏற்றுக்கொண்டதாகப் பதிவில்லை என்கிறார்கள். அவர்களே மாற்றி எழுதிய விவரத்துக்கு எங்களிடம் அபராதம் வாங்குவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

வண்டி விவரத்திலும் இதே ஆபத்து உண்டு. டாக் மேடை பொதுவாக நான்கடி உயரம். 17 அடி வண்டியின் தளம் அதைவிடத் தாழ்வாக இருந்தால் இடைவெளியை லெவலர் என்ற சரிவுத் தகடு நிரப்பும். லெவலர் இல்லாத கதவில் வண்டியை விட்டால் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி மேடையில் வைக்க வேண்டும், நேரம் எகிறிவிடும். குட்டியானை போன்ற சின்ன வண்டிக்கு லெவலரும் எட்டாது, தரைமட்டக் கதவு வேண்டும். எனவே அடிக்கணக்கோடு தள உயரத்தையும் எழுதுங்கள்.

இப்போது நாங்கள் அனுப்பும் கோரிக்கை இப்படி இருக்கிறது:

“கொள்முதல் ஆணை எண் இன்னது. நல்லெண்ணெய், 420 உதிரிப் பெட்டிகள், 2 வகை, பேலட் இல்லை. 17 அடி மூடிய வண்டி, தளம் மூன்றேகால் அடி, பின்கதவு. இறக்க 2.30 மணி நேரம் தேவை, 10.30 முதல் 1.00 வரை கோருகிறோம். டாக் எண்ணும் இறக்குக் கூலி யார் பொறுப்பு என்பதும் உறுதிச் செய்தியில் வர வேண்டும். விவரம் ஒன்று மாறியிருந்தாலும் வண்டி ஏற்றப்படாது.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னபடி கடைப்பிடிக்கிறோம். திருத்திய உறுதிச் செய்தி எழுத்தில் வரும்வரை லோடு ஏற்றுவதில்லை, இ-வே பில்லும் எடுப்பதில்லை. கேட்டில் டோக்கன் கொடுத்தால் ஓட்டுநர் அதில் வந்த நேரத்தை எழுதிக் காவலாளியின் கையொப்பம் கேட்கிறார். மறுத்தால் டோக்கனையும் வாசலையும் படமெடுத்து, அந்த நிமிடமே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுகிறார். லாரி ரசீதின் இரண்டு பிரதியிலும் வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றும் எழுதி வாங்கிய பிறகே வண்டி வெளியே வருகிறது.

இந்தக் கிடங்குக்கு ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் பழைய பில்களை எடுத்து, அனுப்பிய தொகையையும் வங்கியில் வந்த தொகையையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் டெபிட் நோட்டின் நகலும் அந்த நாளின் கேட் பதிவும் கேட்டு எழுதுங்கள். ஃபாஸ்டேக் செய்தியை லாரிக்காரர் அழித்திருந்தாலும் வங்கியின் ஃபாஸ்டேக் கணக்கு விவரத்தில் சாவடி தாண்டிய நேரம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கலாம்.