டெலிகிராம் சேனலை மூடுவதற்கு முன்: உரிமை மாற்றமா, அழிப்பா, கைவிடுதலா?

பல ஆயிரம் பேர் பின்தொடரும் டெலிகிராம் சேனலை நடத்தி வந்தவர் ஏதோ ஒரு காரணத்தால் அதிலிருந்து விலக முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னே சில வழிகள் இருக்கின்றன. சேனலை அழிக்கலாம், தன் டெலிகிராம் கணக்கையே நீக்கலாம், உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம், அல்லது உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சேனலை ஓய்வுக்கு அனுப்பலாம். எல்லாம் ஒரே இடத்தில் முடிவதுபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் சந்தாதாரர்களை வெவ்வேறு நிலையில் விட்டுச்செல்கிறது. பேச்சு தெளிவாக இருக்க ஒரு மாதிரிச் சேனலை எடுத்துக்கொள்வோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கான குறிப்புகளை வெளியிடும் பொதுச் சேனல் அது. 8,400 சந்தாதாரர்கள், ஓர் உரிமையாளர், இரண்டு அட்மின்கள், கருத்துகளுக்காக இணைக்கப்பட்ட ஒரு விவாதக் குழு, தினமும் வினாடி வினா பதிவிடும் ஒரு பாட் ஆகியவை அதில் உள்ளன. உரிமையாளருக்கு வேலை கிடைத்துவிட்டது; இனி நேரம் ஒதுக்க முடியாது.

பலருக்கும் முதலில் மனதில் வருவது அழிப்புதான். ஆனால் இந்த அளவுள்ள சேனலில் அது உரிமையாளரின் கையில் இல்லை. 1,000 பேருக்கு மேல் உள்ள சேனலைச் செயலி வழியாக அழிக்க டெலிகிராம் அனுமதிப்பதில்லை; இந்த வரம்பு மாறக்கூடும் என்றும் அதன் தொழில்நுட்ப ஆவணமே சொல்கிறது. ஒரே தட்டலில் பெருந்திரளான மக்கள் பயன்படுத்தும் காப்பகம் ஒன்று மறைந்துவிடாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது என்பது என் கருத்து. சந்தாதாரர்களை ஒவ்வொருவராக நீக்கி எண்ணிக்கையை 1,000-க்குக் கீழே கொண்டுவர முயல்வோரும் உண்டு. செயலியின் பட்டியல் பெரிய சேனலில் சந்தாதாரர்களின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும் என்பதால் 8,400 பேரைக் கையால் குறைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத வேலை. எனவே டெலிகிராமின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் காத்திருப்பதே மிஞ்சும்.

அழிப்பு நிறைவேறினாலும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். பதிவுகள் எல்லாருடைய செயலியிலிருந்தும் போய்விடும், ஆனால் t.me என்று தொடங்கும் லிங்க் யூடியூப் விளக்கங்களிலும், வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்ட பழைய செய்திகளிலும், பயிற்சி மையத்துச் சுவரொட்டிகளிலும் அப்படியே நிற்கும். சேனல் விட்டுவிட்ட யூசர்நேமை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். அதே பெயரில், அதே படத்தோடு புதிய சேனல் ஒன்றைத் திறந்து, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ‘கேள்வித்தாள் கிடைக்கும், பணம் அனுப்புங்கள்’ என்று பதிவிட்டால், பழைய லிங்கைச் சொடுக்கி வருகிற மாணவருக்கு வேறுபாடு தெரியாது. அழிப்பவர் தன் பொறுப்பு முடிந்ததாக நினைத்தாலும் அவர் சேர்த்த நற்பெயர் கேட்பாரற்றுக் கிடக்கும்.

இதைவிடத் தவறான வழி, சேனலைப் பற்றி எதுவும் செய்யாமல் கணக்கை மட்டும் நீக்குவது. கணக்கை நீக்கினால் தான் உருவாக்கிய சேனலும் கூடவே போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அது போவதில்லை. சேனல் உரிமையாளரே இல்லாமல் நின்றுவிடும். அட்மின்களுக்கு அதுவரை இருந்த அதிகாரங்கள் அப்படியே தொடரும். நம் மாதிரிச் சேனலில் இரண்டு அட்மின்களும் பதிவிடலாம், ஆனால் உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடியவற்றைச் செய்ய ஆளிருக்காது. பிற்பாடு அட்மின்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்கவும், உரிமையை முறைப்படி யாருக்காவது கொடுக்கவும் வழியில்லை. தெரியாமலே இந்த நிலைக்கு வந்துசேர்வதும் நடக்கிறது. நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கு தானாகவே நீங்கிவிடும். அந்தக் கால அளவை அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் பார்க்கலாம். கணக்கு பதிவான சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலும் ஆபத்துதான். செயலிழந்த எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அந்த எண்ணில் டெலிகிராம் தொடங்க முயலும்போது பழைய கணக்கு அழிய நேரலாம்.

ஆகவே, பொறுப்பேற்க ஆள் இருக்கும் இடத்தில் உரிமை மாற்றமே முதல் தேர்வு. 2019-இல் டெலிகிராம் இந்த வசதியைக் கொண்டுவந்தது. செய்முறை எளிது. சேனலின் திருத்தப் பக்கத்தில் Administrators பட்டியலைத் திறந்து, பொறுப்பேற்க இருக்கும் அட்மினைத் தேர்ந்து, புதிய அட்மின்களைச் சேர்க்கும் அதிகாரம் உட்பட அனைத்தையும் அவருக்கு இயக்கினால், பக்கத்தின் அடியில் Transfer Channel Ownership என்ற வரி தோன்றும். அந்த வரி தென்படவில்லை என்றால் ஏதோ ஓர் அதிகாரம் இன்னும் அணைந்திருக்கிறது, அல்லது நீங்கள் உரிமையாளர் அல்லாத கணக்கில் இருக்கிறீர்கள் என்று பொருள். வரியைத் தட்டி, உறுதிசெய்து, கடவுச்சொல்லை இட்டதும் மாற்றம் உடனே நடந்துவிடும்.

பலர் தடுக்கி நிற்பது அந்தக் கடவுச்சொல்லில்தான். மாற்றித் தருபவரின் கணக்கில் Two-Step Verification எனும் கூடுதல் கடவுச்சொல் இயக்கப்பட்டு 7 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். அவர் பயன்படுத்தும் சாதனத்தில் உள்நுழைந்து 24 மணி நேரமும் கடந்திருக்க வேண்டும். மார்ச் 3 அன்று கடவுச்சொல்லை அமைத்தவர் மார்ச் 10-க்குப் பிறகுதான் மாற்ற முடியும். இடையில் புதிய கைபேசி வாங்கி அதில் உள்நுழைந்தால் அந்தக் கைபேசியிலிருந்து மாற்ற மேலும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். திருடப்பட்ட கணக்கிலிருந்து சேனலை அவசரமாகக் கடத்திச் செல்வதைத் தடுக்கவே இந்தக் காத்திருப்பு. ‘இன்று இரவுக்குள் மாற்றிவிடுகிறேன், அதன்பின் கணக்கை நீக்கிவிடுகிறேன்’ என்று திட்டமிடுபவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பெறுபவர் பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. இலவசக் கணக்கு ஒன்றுக்குப் பத்துப் பொது லிங்குகள்தான்; ஏற்கெனவே அத்தனையையும் வைத்திருப்பவருக்குப் பொதுச் சேனலை மாற்ற முயன்றால் மறுப்பு வரும்.

மாற்றத்துக்குப் பிறகு பழைய உரிமையாளர் அட்மினாகத் தொடர்வார், ஆனால் புதியவர் நினைத்தால் அவரை நீக்கிவிடலாம். திரும்பப் பெறும் பொத்தான் எதுவும் கிடையாது. புதியவரே மனமுவந்து மாற்றித் தந்தால்தான் உண்டு. சந்தாதாரர்களின் பார்வையில் எதுவும் மாறியிருக்காது, ஏனென்றால் சேனலின் அட்மின்கள் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உரிமை மாற்றத்தின் வசதியும் அபாயமும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன. பதிவுகள், லிங்க், சந்தாதாரர்கள் எல்லாம் குலையாமல் கைமாறுகின்றன. அந்த 8,400 பேர் யாரை நம்பிச் சேர்ந்தார்களோ அவர் போய்விட்டார் என்பதும் அதே போலச் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. ஆதலால் மாற்றும் நாளன்று யார் பொறுப்பேற்கிறார் என்பதை ஒரு பதிவாக எழுதி, சேனலின் மேலே நிலையாகத் தெரியும்படி ‘பின்’ செய்து வைப்பது சந்தாதாரர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலை பேசி முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்வுக் குறிப்புக்காக வந்தவர்களிடம் மறுவாரமே பங்குச்சந்தை டிப்ஸும் சூதாட்ட விளம்பரமும் போய்ச் சேரும் வழி அதுதான்.

உரிமையோடு சேர்ந்து போகாதவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். விவாதக் குழு, சேனலோடு இணைக்கப்பட்டிருந்தாலும் அது தனியொரு குழு. அதன் உரிமையை அதே முறையில் இன்னொரு முறை மாற்ற வேண்டும். இதை மறந்தால் சேனல் ஒருவரிடமும் அதன் கருத்துப் பகுதி கணக்கை நீக்கிவிட்ட இன்னொருவரிடமும் மாட்டிக்கொள்ளும். பாட் அதை உருவாக்கியவரின் கணக்கோடு கட்டுண்டது, ஆகவே பாட்களை நிர்வகிக்கும் டெலிகிராமின் BotFather வழியாக அதைத் தனியே மாற்ற வேண்டும், அல்லது அட்மின் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். விளம்பர வருவாய் சேர்ந்திருந்தால், அதை எடுக்கும் உரிமை உரிமையாளருக்கே என்பதால் மாற்றத்துக்கு முன்பே எடுத்துக்கொள்வது சச்சரவைத் தவிர்க்கும்.

ஏற்க ஆளே இல்லை என்றால்? அப்போதும் நான் அழிப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வுக்கு அனுப்புவதே மேல். பாட்டையும் அட்மின்களையும் நீக்கி, ‘இனி புதிய பதிவுகள் வராது, பழைய குறிப்புகள் இன்ன தேதி வரையிலானவை’ என்று கடைசிப் பதிவை எழுதிப் பின் செய்து, யூசர்நேமைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை, ஆனால் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். எண்ணை மாற்றினால் கணக்கிலும் மாற்ற வேண்டும். பாடத்திட்டம் மாறியபின் பழைய குறிப்புகள் மாணவர்களைத் தவறாக வழிநடத்தும் என்பது இந்த வழியின் உண்மையான குறை. அந்தப் பதிவுகளை மட்டும் நீக்குவது அதற்குப் போதும். பதிவுகளில் தனிநபர் விவரங்களோ பிறர் உரிமையுள்ள புத்தகங்களோ நிறைந்திருந்தால் மட்டும், முழு அழிப்பைக் கேட்டு எழுதுவது நியாயம்.

நம் மாதிரிச் சேனலுக்கு வருவோம். இரண்டு அட்மின்களில் ஒருவர் பெயரளவுக்கு இருக்கிறார். மற்றவர் பல மாதங்களாகத் தவறாமல் பதிவிட்டு, கருத்துகளுக்கும் பதில் எழுதி வருகிறார். பொறுப்பு அவருக்கே போக வேண்டும். உரிமையாளர் முதல் நாளில் கடவுச்சொல்லை அமைத்துவிட்டு, காத்திருக்கும் வாரத்தில் கணினிச் செயலியின் Export chat history வழியாகப் பதிவுகளின் நகலை எடுத்துக்கொள்கிறார். எட்டாம் நாள் கடந்ததும் சேனலையும், அதையடுத்து விவாதக் குழுவையும் மாற்றி, அறிவிப்பைப் பின் செய்கிறார். பிறகு சில வாரங்கள் சாதாரண அட்மினாக உள்ளேயே இருக்கிறார். Recent Actions பகுதி கடைசி 48 மணி நேரச் செயல்களை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து, அறிமுகமில்லாத அட்மின் யாரும் சேர்க்கப்படவில்லை, பழைய பதிவுகள் கூட்டமாக நீக்கப்படவில்லை என்று பார்த்துக்கொள்கிறார். எல்லாம் சீராக இருந்தால் அவரே அட்மின் பொறுப்பிலிருந்து விலகலாம். கணக்கை நீக்க விரும்பினால் அதற்குப் பிறகு தாராளமாக நீக்கலாம்.