ஆன்லைன்ல வரி கட்டுறவங்க கவனம்: அக்கவுன்ட்ல 48,600 போயிடுச்சு, வரி கணக்குல ஏறவே இல்ல

வயிறு எரியுது, அந்த சூட்டோடவே எழுதுறேன். யாருக்காவது உதவட்டும்.

வரி கட்டுற போர்ட்டல்ல போய் தொகை போட்டு, நெட் பேங்கிங் செலக்ட் பண்ணேன். அது என் பேங்க் பக்கத்துக்கு கூட்டிட்டு போச்சு, ஓடிபி போட்டேன், "பணம் வெற்றிகரமா செலுத்தப்பட்டது, பக்கத்தை மூடாதீங்க"னு வந்துச்சு, அடுத்த செகண்டே 48,600 டெபிட்னு எஸ்எம்எஸ். பேங்கே வெற்றின்னு சொல்லிடுச்சு, இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா திரும்ப போர்ட்டலுக்கு வர்ற இடத்துல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துட்டு செஷன் முடிஞ்சுதுன்னு வெளிய தள்ளிடுச்சு. ரசீது இல்ல. உள்ள போய் பார்த்தா "பேங்க் பதிலுக்கு காத்திருக்கிறது"ன்னு நிக்குது.

போர்ட்டல் ஹெல்ப்லைன்ல "எங்களுக்கு பணம் வரல சார், பேங்க்கை கேளுங்க"ங்கிறாங்க. பேங்க் கஸ்டமர் கேர்ல "எங்க சைடுல சக்சஸ் சார், வரி ஆபீஸ்ல கேளுங்க"ங்கிறாங்க. பிராஞ்ச்ல இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாம "வெயிட் பண்ணுங்க, தானா வந்துடும்"னாரு. எப்போ வரும், எங்க வரும், யாரு அனுப்பணும்? ஒண்ணுத்துக்கும் பதில் இல்ல. போகப்போக போன் கம்ப்ளெய்ன்ட்டையே "தீர்க்கப்பட்டது"ன்னு குளோஸ் பண்ணி மெசேஜ் அனுப்புறாங்க, 48,600 எங்கன்னு ஒரு வார்த்தை இல்ல! வரி ஆபீஸ் கணக்குல காசு ஏறாத வரைக்கும் அவங்க பார்வையில நான் வரி கட்டாதவன், கெடு தாண்டினா வட்டி என் தலையில.

அப்புறம் பேங்க்ல பேக் ஆபீஸ் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டப்போதான் விஷயமே புரிஞ்சுது. நம்ம அக்கவுன்ட்ல இருந்து எடுத்த காசு நேரா வரி ஆபீஸுக்கு போறதில்லையாம். முதல்ல பேங்க்கோட ஒரு இடைக்கணக்குல உக்காருது. பேங்க்ல இருந்து "பணம் வந்துச்சு"ங்கிற பதில் போர்ட்டலுக்கு போய் சேர்ந்தாதான் ரசீது. அந்த பதில் நடுவுல அறுந்துட்டா, பிறகு ரெண்டு பக்க பட்டியலையும் ஒத்துப் பார்க்குறப்போ ஒண்ணு ரசீது வரணும், இல்ல காசு திரும்பணும். அந்த ஒத்துப் பார்க்குறதுல விட்டுப்போன கேஸ் யாராவது கையில எடுத்து பார்க்குற வரைக்கும் அங்கேயே கிடக்கும். பிராஞ்ச்ல ஒருத்தர் "தானா வந்துடும்"னு சொன்னாரே, என் கேஸ்ல தானா எதுவும் வரல.

அவர் சொல்லித்தான் தேடினேன். இந்த பேமென்ட்டுக்கு போர்ட்டல் குடுத்த நம்பர் வேற, பேங்க் குடுத்த நம்பர் வேற. கஸ்டமர் கேர்ல பேங்க் நம்பரை மட்டும் வாங்கி பார்த்துட்டு சக்சஸ்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. அது டெபிட் ஆனதுக்கு சக்சஸ், வரி போய் சேர்ந்ததுக்கு இல்ல. ஸ்டேட்மென்ட்ல அந்த டெபிட் என்ட்ரியை பெருசு பண்ணி பார்த்தா விவரத்துக்குள்ள போர்ட்டல் நம்பரும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை வட்டம் போட்டு வச்சேன். வேற வருஷத்துலயோ வேற வரி தலைப்புலயோ ஏறியிருக்கான்னும் பார்த்தேன், இல்ல.

பிறகு பேங்க் குறைதீர்ப்பு பிரிவுக்கு மெயிலும் பிராஞ்ச்ல கடிதமும் குடுத்தேன், சீல் போட்ட நகல் வாங்காம நகரல. தேதி, நேரம், தொகை, ரெண்டு நம்பர், வரிதாரர் எண், எந்த வருஷத்து வரி, எல்லாம் மேலயே போட்டேன். பணம் வரலன்னு மட்டும் எழுதாம கேள்வியா கேட்டேன்: "இந்த 48,600 வரித்துறை கணக்குக்கு அனுப்பப்பட்டதா? ஆம் எனில் எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்று எழுத்தில் தரவும். இல்லை எனில் இப்போது எந்தக் கணக்கில் உள்ளது, எப்போது திருப்பித் தரப்படும்?" தாமதத்தால வட்டி வந்தா அதுக்கு பேங்க்தான் பொறுப்புன்னும் எழுதினேன். ஸ்டேட்மென்ட்டும் போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட்டும் இணைச்சேன்.

அதுக்குத்தான் முதல் தடவையா உருப்படியான பதில். தொகை அவங்க இடைக்கணக்குலயே இருக்காம், வரித்துறைக்கு போகவே இல்லையாம்! இத்தனை நாளும் சக்சஸ் சக்சஸ்னு சொன்னாங்களே அதே பேங்க். திருப்பி அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க, இதை எழுதுற வரைக்கும் 48,600 வரல.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னு நினைச்சேன், இப்போ மனசு இல்ல, அவசரத்துக்கு இவ்ளோதான். கடைசி நாள்ல கட்டாதீங்க. ரசீது வராம எஸ்எம்எஸ்ஸை நம்பாதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே போர்ட்டல் நம்பரை எழுதி வச்சுக்கங்க. போன்ல புலம்பாதீங்க, எழுத்துல கேளுங்க, அவங்க சொல்ற கெடுவுக்குள்ள பதில் வரலன்னா மேல இருக்குற குறைதீர்ப்பு அதிகாரிக்கு அதே கடிதத்தை அனுப்புங்க. கம்ப்ளெய்ன்ட்டை பொதுவுல போட்டீங்கன்னா "ரீஃபண்ட் டீம்"னு எவனாவது கூப்பிடுவான், ஓடிபி குடுத்துடாதீங்க, எனக்கே வந்துச்சு அந்த கால்.